தாயும் சேயும் ஒரே கூரையின் கீழ்: மகப்பேற்றுக்குப் பின் வரும் மனப்பிறழ்வும் அவசர சிகிச்சையும்

பிள்ளை பெற்ற வீட்டில் தாயின் காய்ச்சலையும் இரத்தப்போக்கையும் கவனிக்க எல்லாருக்கும் தெரியும். அவளுடைய உறக்கத்தைக் கவனிப்பவர்கள் சிலரே. மகப்பேறு முடிந்த முதல் இரண்டு வாரங்களில், குழந்தை உறங்கும் நேரத்திலும் தாய்க்கு உறக்கம் வரவில்லை, உறங்காத களைப்பும் அவளிடம் தெரியவில்லை என்றால், அதைக் காய்ச்சலைப் போலவே ஓர் அபாய அறிகுறியாகக் கொள்ள வேண்டும். மகப்பேற்றுக்குப் பிந்தைய மனப்பிறழ்வு பெரும்பாலும் அப்படித்தான் தொடங்குகிறது. மருத்துவச் சீட்டில் இதனைப் 'போஸ்ட்பார்ட்டம் சைக்கோசிஸ்' என்று எழுதுவோம்.

இது ஆயிரம் தாய்மார்களில் ஒருவருக்கோ இருவருக்கோ வரும் நோய். எண்ணிக்கையில் குறைவு, ஆனால் வேகத்தில் மிகக் கடுமையானது. காலையில் சற்றுப் படபடப்பாக இருந்தவர் இரவுக்குள் தம்மையும் குழந்தையையும் காத்துக்கொள்ள இயலாத நிலைக்குச் சென்றுவிடக்கூடும். அதே வேளையில், உரிய சிகிச்சை கிடைத்தால் நன்கு குணமாகும் மனநோய்களுள் இதுவும் ஒன்று. ஆகவே குடும்பத்தார் எத்தனை மணி நேரத்தில் முடிவெடுக்கிறார்கள் என்பதே இங்கு பெரிதும் முக்கியமாகிறது. அந்த முடிவைத் தாமதப்படுத்தும் அச்சங்களுள் பெரியது, 'மருத்துவமனையில் சேர்த்தால் பச்சிளங் குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்துவிடுவார்களே' என்பது. அந்த அச்சத்துக்கு விடையளிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று நிலைகளைப் பிரித்தறிதல்

மகப்பேற்றுக்குப் பின் மூன்றாம், நான்காம் நாளில் காரணமின்றி அழுகை வருவதும், சிறு சொல்லுக்கும் மனம் நோவதும் தாய்மார்களில் பாதிப் பேருக்கும் மேல் உண்டாகின்றன. இது நோய் அன்று. ஆறுதலும் ஓய்வும் கிடைத்தால் இரண்டு வாரங்களுக்குள் தானே நீங்கிவிடும். இரண்டாவது, மனச்சோர்வு. இது வாரக்கணக்கில் மெல்லப் படரும். எதிலும் பிடிப்பின்மை, குற்றவுணர்வு, பசியின்மை ஆகியவை தொடரும். இதற்குச் சிகிச்சை தேவை. ஆனால் பெரும்பாலும் வெளிநோயாளராகவே பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவதே நாம் பேசும் மனப்பிறழ்வு. இது பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள், பலருக்கு மூன்றாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில், திடீரெனத் தோன்றும். உறக்கமின்மை, ஓயாத பேச்சு, அளவுக்கு மீறிய உற்சாகம் அல்லது எரிச்சல் ஆகியவை முதலில் வரும். அடுத்து, இல்லாததை உறுதியாக நம்புதல் வரும்: 'இது என் குழந்தை அன்று, மாற்றிவிட்டார்கள்', 'பாலில் ஏதோ கலந்திருக்கிறார்கள்', 'இக்குழந்தைக்கு ஒரு தெய்வப் பணி இருக்கிறது' என்பன போன்ற பேச்சுகள். பிறருக்குக் கேளாத குரல்கள் கேட்கலாம். நாள், இடம், ஆள் அடையாளம் குழம்பலாம்.

இந்நோயின் ஓர் இயல்பு குடும்பத்தாரை எளிதில் ஏமாற்றிவிடும். நிலை மணிக்கு மணி மாறும். ஒரு மணி நேரம் தெளிவாகப் பேசி, சாப்பிட்டு, குழந்தைக்குப் பாலும் கொடுப்பார். 'சரியாகிவிட்டது' என்று எல்லாரும் மூச்சு விடுவார்கள். அடுத்த மணியில் மீண்டும் குழப்பம் வரும். இடையில் வரும் தெளிவு குணமானதன் அடையாளம் அன்று. அது இந்நோயின் போக்கிலேயே சேர்ந்தது. மருத்துவரிடம் வரும் நேரத்தில் நோயாளி தெளிவாக இருந்தாலும், முந்தைய இரவில் நீங்கள் கண்டதை அப்படியே சொல்ல வேண்டும்.

இருமுனை மனநோய் உள்ள பெண்களுக்கு இவ்வாபத்து மிக அதிகம். ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு வருகிறது. ஆனால் இந்நோயோடு வருவோரில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு முன்பு எந்த மனநோயும் இருந்ததில்லை. 'எங்கள் பரம்பரையிலேயே இப்படி யாருக்கும் இல்லை' என்று கூறிக் காத்திருப்பது பொருந்தாது.

ஒரு குடும்பம், ஏழு நாட்கள்

இப்பகுதிக் குடும்பங்கள் பலவற்றில் நாம் காண்பவற்றைச் சேர்த்து அமைத்த ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இது தனி ஒருவரின் வரலாறு அன்று.

கீழவாஞ்சூரில் தாய்வீட்டுக்கு வந்து தலைப்பிள்ளை பெற்ற 24 வயதுப் பெண். கணவர் வளைகுடா நாட்டில் வேலை செய்கிறார். சுகப்பிரசவம், மூன்றாம் நாள் வீடு திரும்பினார். நான்காம் நாள் இரவு முழுவதும் விழித்திருந்தார். குழந்தை அழுததால் என்று வீட்டார் எண்ணினர். ஐந்தாம் நாள் இரவு குழந்தை நான்கு மணி நேரம் தொடர்ந்து உறங்கியது, தாய் உறங்கவில்லை. இரண்டு மணிக்கு எழுந்து அடுக்களைப் பாத்திரங்களையெல்லாம் இறக்கித் துலக்கினார். பகலில் உறவினர் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து விரைவாகப் பேசினார். 'பச்சை உடம்புக்காரி இவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறாளே' என்று அயலார் வியந்தனர். ஆறாம் நாள், குழந்தையின் காதைத் திரும்பத் திரும்பப் பார்த்து, மருத்துவமனையில் மாற்றிவிட்டார்கள் என்றார். மாலையில் அழுதார், சிரித்தார், பிறகு ஒரு மணி நேரம் இயல்பாக இருந்தார்.

அன்றிரவு வீட்டில் மூன்று கருத்துகள் எழுந்தன. காற்று, கருப்பு ஏதோ அண்டியிருக்கிறது, வியாழன் இரவு நாகூருக்கு அழைத்துச் செல்வோம் என்றார் ஒருவர். கணவர் தொலைபேசியில் கிடைக்கும்வரை எந்த முடிவும் வேண்டாம் என்றார் இன்னொருவர். ஊரார் அறிந்தால் மாமியார் வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று தயங்கினார் பெண்ணின் தாய். ஏழாம் நாள் அதிகாலை மூன்று மணிக்குப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறக் குழாயடிக்குச் சென்றார். குழந்தையின் உடம்பில் ஏறிய நஞ்சைக் கழுவ வேண்டும் என்றார். பெரியம்மா குழந்தையை வாங்கிக்கொள்ள, அவரை மருத்துவமனைக்கு அழைத்து வந்தனர்.

இப்பெண் குழந்தையை வெறுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நஞ்சிலிருந்து காப்பாற்றத்தான் குளிர்ந்த நீரில் கழுவ முனைந்தார். இந்நோயில் குழந்தைக்கு நேரும் ஆபத்து பெரும்பாலும் கொடுமையிலிருந்து வருவதில்லை; பொய்யான நம்பிக்கையின்மேல் எழும் பாசத்திலிருந்தும் அச்சத்திலிருந்தும் வருகிறது. ஆகவே 'நம் பெண் அப்படிச் செய்ய மாட்டாள்' என்ற உறுதி குழந்தைக்குப் பாதுகாப்பு ஆகாது. அதேபோல், குணமான பின் அப்பெண்ணைக் கொடியவளாகப் பார்ப்பதற்கும் இடமில்லை.

வீட்டிலிருந்து புறப்படும்வரை

உறக்கமின்மையோடு மேற்சொன்ன நம்பிக்கைகளில் ஒன்றோ, குழப்பமோ, குரல் கேட்பதோ சேர்ந்தால் அன்றைக்கே, எந்த மணியானாலும், மருத்துவமனைக்கு வர வேண்டும். குழந்தைக்கு அல்லது தமக்குத் தீங்கு செய்வதாகக் கூறினால் ஒரு நொடியும் தாமதிக்கலாகாது. 108 ஊர்தியை அழையுங்கள். என்ன செய்வதென்று தெரியாமல் தடுமாறினால், 14416 என்ற இலவச டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் மனநல ஆலோசகரிடம் தமிழில் பேசலாம். ஆனால் அந்த அழைப்பு மருத்துவமனைக்குச் செல்வதற்கு மாற்றாகாது.

புறப்படும்வரை தாயைக் குழந்தையோடு தனியே விடாதீர்கள். குழந்தையை வலிந்து பிடுங்காமல், 'நீ சற்று இளைப்பாறு, நான் வைத்திருக்கிறேன்' என்று கூறி நம்பிக்கைக்குரிய ஒருவர் வாங்கிக்கொள்ளலாம். அவருடைய நம்பிக்கைகளை மறுத்து வாதிடவும் வேண்டாம், ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். 'உனக்கு அச்சமாக இருக்கிறது, மருத்துவரிடம் கேட்போம்' என்பது போதும். கட்டிவைத்தல் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப முடியாமல் மாண்டனர். இறந்தவர் 28 பேர். இன்று, மனநோயாளி ஒருவரை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைப்பதைச் சட்டம் தடை செய்கிறது.

நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் அருகில் வாழும் நமக்கு வேண்டுதல் இயல்பானது. வேண்டுதலும் மருத்துவமும் ஒன்றையொன்று தடுப்பவை அல்ல. முதலில் மருத்துவமனை, பிறகு நேர்த்திக்கடன் என்ற வரிசை மட்டும் மாறக்கூடாது. வியாழன் இரவுக்காகக் காத்திருக்கும் இரண்டு நாட்களை இந்நோய் தருவதில்லை.

முதல் மணி நேரத்தில் நாங்கள் தேடுவது

நம் பாட்டிமார் 'பிரசவ ஜன்னி' என்ற ஒரே சொல்லால் காய்ச்சல், வலிப்பு, பிதற்றல் மூன்றையும் குறித்தனர். அச்சொல்லில் ஓர் உண்மை இருக்கிறது. மகப்பேற்றுக்குப் பின் பிதற்றும் எல்லாருக்கும் மனநோயே காரணம் என்று சொல்ல முடியாது, உடல்நோய் மறைந்திருக்கலாம். எனவே மனநல மருத்துவரைப் பார்க்குமுன் அல்லது உடனிணைந்தே உடற்பரிசோதனை நடக்கும். காய்ச்சல் இருந்தால் கருப்பையிலோ மார்பிலோ தொற்று இருக்கலாம். இரத்த அழுத்தம் ஏறியிருந்தால், அல்லது வலிப்பு வந்திருந்தால், பேறுகால வலிப்பு நோயை எண்ணுவோம். இரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, உப்புச் சத்து, சிறுநீரகம் ஆகியவற்றுக்கும் சோதனை செய்வோம்.

இவற்றுள் தவறவிடக்கூடாத ஒன்று, மூளையின் சிரைகளில் இரத்தம் உறைதல். பிள்ளை பெற்றவர்களுக்கு இது கூடுதலாக வரும். தணியாத தலைவலி, வாந்தி, வலிப்பு, ஒரு கை கால் வலுவிழத்தல் ஆகியவை இதன் அடையாளங்கள். பச்சை உடம்புக்குத் தண்ணீர் ஆகாது என்று தாய்க்கு நீரைக் குறைத்துக் கொடுக்கும் வழக்கம் உடலை வறளச் செய்து இந்த ஆபத்தை உயர்த்தும். அவ்வழக்கம் வேண்டாம். வருகையில் கேட்கும்போது, எவ்வளவு நீர் கொடுத்தீர்கள், என்ன கஷாயமும் மாத்திரையும் கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். குறிப்பாகப் பால் கட்டுவதற்காகக் கடையில் வாங்கிய மாத்திரையைச் சொல்லுங்கள். பால் சுரப்பை நிறுத்தும் சில மாத்திரைகளே மனப்பிறழ்வைத் தூண்டக்கூடியவை.

நம் எடுத்துக்காட்டுப் பெண்ணுக்குக் காய்ச்சல் இல்லை, இரத்த அழுத்தம் 120/80, ஹீமோகுளோபின் 9.2, தைராய்டு இயல்பு. குழப்பம் இருந்ததாலும் முதல்முறை வந்த நோய் என்பதாலும் மூளைப்படம் எடுக்கப்பட்டது, உறைவு இல்லை. இரத்தசோகை தவிர வேறு உடற்காரணம் கிடைக்கவில்லை. அதன் பிறகே மனப்பிறழ்வு என்று உறுதி செய்யப்பட்டது.

யாருடைய ஒப்புதல்?

கணவர் வெளிநாட்டில் இருக்கையில் யார் கையெழுத்திடுவது என்ற கேள்வியில் பல மணி நேரம் வீணாகிறது. 2017ஆம் ஆண்டின் மனநல பராமரிப்புச் சட்டம் இதற்குத் தெளிவான விடை தருகிறது. நோயாளி முன்பே ஒருவரைத் தம் பிரதிநிதியாக நியமித்திருந்தால் அவர். இல்லையேல் உறவினர் ஒருவர் அப்பொறுப்பை ஏற்கலாம். பெண்ணின் தாயும் உறவினரே. கணவருக்குச் செய்தி சொல்ல வேண்டும். ஆனால் அவர் தொலைபேசியில் கிடைக்கும்வரை சிகிச்சையை நிறுத்தி வைக்கத் தேவையில்லை.

உயிருக்கோ பிறருக்கோ கடும் தீங்கு நேரும் நிலையில், பதிவுபெற்ற எந்த மருத்துவரும், எந்த மருத்துவமனையிலும், மனநலப் பிரிவு இல்லாத இடத்திலும்கூட, அவசர சிகிச்சையைத் தொடங்கலாம். பிரதிநிதி உடனிருந்தால் அவருடைய ஒப்புதலைப் பெற வேண்டும். இந்த அவசர சிகிச்சை 72 மணி நேரம் வரை செல்லும். அதற்குள் மனநலப் பிரிவுக்கு மாற்றி மதிப்பிட வேண்டும். ஆகவே வாஞ்சூர் எல்லையில் நின்று காரைக்கால் பக்கமா நாகப்பட்டினம் பக்கமா என்று ஆராய வேண்டாம். அவசர சிகிச்சை தரக்கூடிய, விரைவில் சென்று சேரக்கூடிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நோயாளி தாமே ஒப்புக்கொண்டு சேரும் நிலையில் இருந்தால் அதுவே முதல் வழி. நோயின் கடுமையால் அது இயலாதபோது, பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில், மனநல மருத்துவர் ஒருவரும் வேறொரு மருத்துவரோ மனநலப் பணியாளரோ தனித்தனியே பரிசோதித்து ஒத்துக்கொண்டால், 30 நாட்கள் வரை சேர்க்கலாம். நம் எடுத்துக்காட்டில் அப்படித்தான் தாயின் கையெழுத்தோடு சேர்க்கப்பட்டார்.

வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் விடை: மனப்பிறழ்வு உறுதியானபின் முதல் சில நாட்களுக்கு வீடு ஏற்ற இடம் அன்று. நிலை மணிக்கு மணி மாறுவதால், நேற்றைய தெளிவைக் கொண்டு இன்றைய இரவைக் கணிக்க இயலாது.

குழந்தை எங்கே இருக்க வேண்டும்?

இதே சட்டம், மனநலச் சிகிச்சை பெறும் பெண்ணின் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாக அவரிடமிருந்து பிரிக்கக்கூடாது என்கிறது. தாயின் நோயினால் குழந்தைக்குத் தீங்கு நேரலாம் என்று மனநல மருத்துவர் கருதினால் தற்காலிகமாகப் பிரிக்கலாம். அப்போதும் பணியாளர் அல்லது குடும்பத்தார் மேற்பார்வையில் தாய் குழந்தையைக் காண வழிசெய்ய வேண்டும். பிரித்த முடிவை 15 நாட்களுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்ய வேண்டும். தொடர்ந்து 30 நாட்களுக்கு மேல் பிரிப்பதானால் உரிய ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். சேர்ந்திருப்பதே விதி; பிரிவு விலக்கு.

இந்த எண்ணம் புதிதன்று. இலண்டனில் கேசல் மருத்துவமனை 1948இலேயே தாயைக் குழந்தையோடு சேர்த்துக்கொண்டது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் 2009ஆம் ஆண்டு முதல் தாய்சேய் மனநலப் பிரிவு இயங்குகிறது. அங்கே தாயும் குழந்தையும் மட்டுமன்றி, குடும்பத்துப் பெண் ஒருவரும் உடன் தங்குகிறார். நோயாளியோடு உறவினர் தங்கும் வழக்கத்தை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957 முதலே கைக்கொண்டுள்ளது. தனிப் பிரிவு இல்லாத மருத்துவமனையிலும் தாயையும் சேயையும் ஒரே வளாகத்தில் வைத்துக்கொள்ள நமக்குத் துணை நிற்பது இந்த உறவினரே.

நம் எடுத்துக்காட்டில் ஏற்பாடு இவ்வாறு அமைந்தது. பெண்ணின் தாயும் பெரியம்மாவும் உடன் தங்கினர். ஒருவர் பெண்ணுக்கு, மற்றவர் குழந்தைக்கு. இருவரையும் ஒரே ஆள் பார்த்தால் அவர் உறங்கும் நேரத்தில் காவல் இல்லாமற் போகும். முதல் நான்கு நாட்கள் குழந்தை பெரியம்மாவோடு அடுத்த அறையில் இருந்தது. நாளுக்கு மூன்று முறை, பத்துப் பத்து நிமிடங்கள், செவிலியர் முன்னிலையில் பெரியம்மா மடியில் வைத்துத் தாய்க்குக் காட்டப்பட்டது. இவ்வேளையில் தாய் குழந்தையைப் பற்றி என்ன சொல்கிறார் என்று செவிலியர் குறித்தார்.

இரவில் தொடர்ந்து ஆறு மணி நேரம் உறங்கத் தொடங்கி, 'என் குழந்தைதான்' என்று ஐயமின்றிச் சொல்லத் தொடங்கியபின், குழந்தையைத் தம் மடியில் வாங்கிப் பால் கொடுத்தார். பெரியம்மா கையெட்டும் தூரத்தில் இருந்தார். அடுத்த படியில் துணி மாற்றுதல், பிறகு குளிப்பாட்டுதல். குளியல் கடைசிப் பகற்படியாக வைக்கப்பட்டது. ஏனெனில் அவருடைய பொய் நம்பிக்கை நீரோடு தொடர்புடையது. இரவில் தனியே விடுவது எல்லாவற்றுக்கும் பிந்தியது. வீடு திரும்பிய பின்னரும் அது சில வாரங்கள் ஒத்திவைக்கப்பட்டது. ஒவ்வொரு படிக்கும் முன் மருத்துவர் தாயைத் தனியே அமர்த்தி, குழந்தையைப் பற்றி மனத்தில் எழும் எண்ணங்களை வெளிப்படையாகக் கேட்டார். இக்கேள்வி தீய எண்ணத்தை விதைக்கும் என்று அஞ்சவேண்டாம். பலர் கேட்கமாட்டார்களா என்று காத்திருக்கிறார்கள்.

இவ்வாறு படிப்படியாகச் செல்வதால் இரண்டு நன்மைகள் உண்டு. குழந்தை காக்கப்படுகிறது, தாயும் 'குழந்தையை வளர்க்கத் தகுதியற்றவள்' என்ற முத்திரையோடு வீடு திரும்புவதில்லை. குழந்தையை முழுமையாகப் பிரித்து வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டால், குணமான தாய் வீடு திரும்பும்போது குழந்தையைக் கையாளும் பழக்கத்தையும் தன்னம்பிக்கையையும் இழந்திருப்பார். சில குடும்பங்களில் அப்பிரிவே திருமண முறிவுக்கு முதற்படியாகிறது. எனவே மாமியார் வீட்டாரும் மருத்துவரை நேரில் சந்தித்து, இது குணமாகும் நோய் என்று கேட்டறிவது நல்லது.

மருந்தும் தாய்ப்பாலும்

சிகிச்சையின் முதற்பணி உறக்கத்தை மீட்பது. லோரசெபாம் போன்ற உறக்கமருந்து சில இரவுகளுக்கும், ஓலான்சபின் அல்லது ஹாலோபெரிடால் போன்ற மனப்பிறழ்வு மருந்து தொடர்ந்தும் தரப்படும். போதிய பயன் கிடைக்காதபோது லித்தியம் சேர்க்கப்படும். இவ்வாறு படிப்படியாக மருந்து கொடுத்த நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகர மருத்துவர்கள், 64 பெண்களுள் ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் தேறியதாக 2015இல் வெளியிட்டனர். உண்ணாமலும் பருகாமலும் உயிராபத்து நெருங்கும் நிலையில் மின்னதிர்வுச் சிகிச்சை விரைந்து பயன் தரும். அது மயக்கமருந்தும் தசைத் தளர்ச்சி மருந்தும் கொடுத்தே செய்யப்படும். அவையின்றிச் செய்வதைச் சட்டம் தடை செய்கிறது.

ஓலான்சபின், ஹாலோபெரிடால் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு பெரும்பாலோர் தாய்ப்பால் கொடுக்கலாம். லித்தியம் பாலில் கணிசமாகக் கலப்பதால், பொதுவாகப் பாலூட்டலைத் தவிர்க்கச் சொல்வோம். தொடர்வதானால் குழந்தையின் இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். மருந்து எதுவானாலும் குழந்தை வழக்கத்துக்கு மீறி உறங்கினாலோ, பால் குடிக்க எழாவிட்டாலோ உடனே சொல்லுங்கள்.

தாய்ப்பால் நன்மைதான், ஆனால் இந்நோயில் தாயின் இரவு உறக்கம் அதைவிட முன்னே நிற்கிறது. நம் எடுத்துக்காட்டில் மாலையில் பீய்ச்சி வைத்த பாலை இரவில் பெரியம்மா பாலாடையால் ஊட்டினார். பீய்ச்சாமல் விட்டால் மார்பில் பால் கட்டிக் காய்ச்சல் வரும். பால் போதாதபோது மருத்துவர் சொல்லும் பால்மாவைக் கொடுப்பது குற்றமாகாது. குழந்தையின் எடை பிறந்த எடையை இரண்டு வாரங்களுக்குள் எட்டியதா என்று பாருங்கள். தாயைக் கவனிக்கும் அவசரத்தில் குழந்தையின் எடையும் தடுப்பூசியும் மறக்கப்படுகின்றன.

வீடு திரும்பிய பின்

அப்பெண் 19ஆம் நாள் வீடு திரும்பினார். பொய் நம்பிக்கைகள் நீங்கியிருந்தன. பெரும்பாலோருக்குக் கடுமையான அறிகுறிகள் சில வாரங்களில் அடங்கும். முழுமையான மீட்சிக்குப் பல மாதங்கள் ஆகும். இடையில் பலருக்கு ஒரு சோர்வுக்காலம் வரும். தெளிந்தபின், தாம் செய்ய முனைந்ததை நினைத்து வெட்கமும் துயரமும் அடைவார்கள். அவ்வேளையில் 'நீ அன்று என்ன செய்தாய் தெரியுமா' என்று வீட்டார் எடுத்துக்கூறுவது புண்ணைக் கீறுவதாகும். தற்கொலை எண்ணம் எழக்கூடிய காலமும் இதுவே. ஆதலால் சோர்வு தெரிந்தால் குறித்த நாள் வரும்வரை காத்திராமல் அழைத்து வாருங்கள்.

நன்றாக இருக்கிறாரே என்று மருந்தைத் தாமே நிறுத்துவதும், இரவு உறக்கம் மீண்டும் குறைவதைக் கவனியாமல் விடுவதுமே மறுமுறை நோய் வருவதற்குப் பெரும் காரணங்கள். இரண்டு இரவுகள் தொடர்ந்து உறக்கம் கெட்டால் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

ஒருமுறை இந்நோய் வந்தவருக்கு அடுத்த மகப்பேற்றில் மீண்டும் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு உண்டு. அடுத்த குழந்தை கூடாது என்பதற்கு இது காரணமாகாது. திட்டமிட வேண்டும் என்பதற்கே காரணம். கருவுறுமுன் மருத்துவரைச் சந்தித்தால், கருவுக்கு ஊறு செய்யும் வால்புரோயேட் போன்ற மருந்துகளை மாற்றலாம். மகப்பேற்றுக்குப் பின் முதல் இரவிலிருந்தே தடுப்பு மருந்து தொடங்கலாம். இரவில் குழந்தையை யார் பார்ப்பார் என்று முன்பே முடிவு செய்யலாம். இதற்கான முதல் வேலை மிகச் சிறியது: தாய்சேய் நல அட்டையின் முதல் பக்கத்தில், 'முன் மகப்பேற்றில் மனப்பிறழ்வு, மனநல மருத்துவரிடம் காட்டவும்' என்று இன்றே எழுதச் சொல்லுங்கள். அடுத்த மகப்பேற்று அறையில் யார் பணியில் இருந்தாலும் அவர் கண்ணில் முதலில் படவேண்டிய வரி அது.